28 சதவீதமா, 14 லட்சமா? கிளை மேலாளரை எதை வைத்து எடை போடுவது

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று ராமநாதபுரம் கடற்கரை நெடுக நண்டும் கணவாயும் வாங்கி அனுப்புகிற வியாபாரத்தில், ஒரே முதலாளிக்கு இரண்டு மூன்று கிளைகள் இருப்பது சாதாரணம். வருடக் கணக்கு முடிந்ததும் எல்லோருக்கும் வருகிற கேள்வி ஒன்றுதான்: எந்த மேனேஜர் நன்றாக வேலை பார்த்தார்? ஆடிட்டர் பெரும்பாலும் ஒரு சதவீதத்தைத்தான் கையில் கொடுப்பார். போட்ட பணத்துக்கு எத்தனை சதவீதம் லாபம் வந்தது என்று சொல்கிற அந்தக் கணக்குதான் முதலீட்டின் மீதான வருவாய், பேச்சில் ஆர்ஓஐ. அதை மட்டும் பார்த்து போனஸ் கொடுத்தால் நல்ல மேனேஜரே கம்பெனிக்கு நஷ்டமான முடிவை எடுப்பார். அது எப்படி நடக்கிறது, லாபத்திலிருந்து போட்ட பணத்துக்கான வாடகையைக் கழித்து மீதியைப் பார்க்கிற எஞ்சிய வருமானம் என்ற இன்னொரு கணக்கு அதை எந்த அளவுக்குச் சரிசெய்கிறது, எந்த இடத்தில் அதுவும் காலை வாரிவிடும் என்பதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். கம்பெனி கற்பனைதான். தலைமை அலுவலகம் ராமநாதபுரத்தில், கிளைகள் மண்டபத்திலும் தொண்டியிலும்.

முதல் படி: கிளையில் எவ்வளவு பணம் கிடக்கிறது என்று எண்ணுங்கள்

இரண்டு கணக்குக்குமே அடித்தளம் கிளையில் முடங்கியிருக்கும் மூலதனம். ஐஸ் பிளாண்ட், குளிர்பதன அறை, வண்டி இதெல்லாம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். விட்டுப்போவது படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம். மீனைத் தனக்கே போட வேண்டும் என்பதற்காகக் கம்பெனி படகுக்கு அட்வான்ஸ் கொடுக்கும். வலை, இன்ஜின், மராமத்து என்று அது போய்விடும். சில இடங்களில் இந்தப் பணம் தலைமை அலுவலகப் பேரேட்டில் உட்கார்ந்திருக்கும், கிளைக் கணக்கில் தலைகாட்டாது. மேனேஜர் சொல்லித்தான் அது போனது, அவர்தான் வசூல் செய்ய வேண்டும் என்றால், அது அவர் கிளையின் மூலதனம். தயங்காமல் சேருங்கள்.

அடுத்து, எந்தத் தேதியில் எண்ணுவது? மார்ச் 31 அன்று ஒரே ஒரு நாள் எண்ணினால் கணக்கு பொய் சொல்லும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள், முன்பணமும் அப்போதுதான் அதிகம் கேட்பார்கள். சீசன் தொடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாக மீனில் கழிந்து, மார்ச் கடைசியில் பாக்கி மிகவும் குறைந்திருக்கும். எனவே பன்னிரண்டு மாதக் கடைசி இருப்புகளையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, சராசரியை எடுங்கள்.

இதில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்குத் தொண்டிக் கிளையைப் பாருங்கள். வருட லாபம் 48 லட்சம். சராசரி மூலதனம் 240 லட்சம், அதில் 90 லட்சம் முன்பணம். ஆர்ஓஐ 20 சதவீதம். மார்ச் 31 இருப்பு 200 லட்சம் என்று வைத்துக்கொண்டால் அதே கிளை 24 சதவீதம் காட்டும். மேனேஜர் ஒன்றும் செய்யவில்லை, நாள்காட்டி செய்த வேலை.

சில மேனேஜர்கள் நாள்காட்டிக்குக் கொஞ்சம் கை கொடுப்பதும் உண்டு. மார்ச் கடைசி வாரத்தில் படகுக்காரரிடம் பணத்தை வரவு வைத்து, ஏப்ரல் முதல் வாரத்தில் அதே பெயரில் அதே தொகையைத் திரும்பக் கொடுப்பார்கள். ஏப்ரல் முதல் பத்து நாள் வவுச்சர்களை மார்ச் கடைசிப் பத்து நாள் ரசீதுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சராசரிக் கணக்குக்கு மாறிவிட்டால் இந்த விளையாட்டுக்கு அவசியமே இல்லாமல் போகும்.

இரண்டாம் படி: எந்த லாபம்?

கிளை வியாபாரத்தில் வந்த லாபம், தேய்மானம் கழித்து, வட்டியும் வருமான வரியும் கழிக்காமல். வட்டி விஷயத்தில் கவனம் வேண்டும். எஞ்சிய வருமானத்தில் மூலதனம் முழுவதற்கும் நாமே ஒரு வாடகை போடப்போகிறோம். டேலியில் கிளை லாப நட்டக் கணக்கை அப்படியே எடுத்தால் வங்கி வட்டி ஏற்கெனவே அதில் கழிந்திருக்கும். அதன் மேல் நாமும் போட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வட்டி. முதல் வருடம் இந்தக் கணக்கைப் போடுபவர்களில் பலர் தடுக்குவது இங்கேதான். வட்டிப் பேரேட்டைத் திறந்து, அந்தத் தொகையை லாபத்தோடு திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தலைமை அலுவலகச் செலவில் கிளையின் பங்கு என்று தள்ளிவிடுவதையும் மேனேஜரின் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். முதலாளி புதுக் கார் வாங்கியதற்குத் தொண்டி மேனேஜர் பொறுப்பில்லை. தடைக்காலமும், எல்லையில் படகு பிடிபட்டதற்காக நடக்கும் வேலைநிறுத்தமும் அவர் கையில் இல்லாதவைதான். ஆனால் அதற்காக லாபத்தைத் திருத்த வேண்டாம். அதை இலக்கு வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம், கடைசியில் வருகிறேன்.

மூன்றாம் படி: பணத்துக்கு என்ன வாடகை?

எஞ்சிய வருமானத்தின் சூத்திரம் எளிது:

எஞ்சிய வருமானம் = கிளை லாபம் − (மூலதனம் × குறைந்தபட்ச வருவாய் விகிதம்)

விகிதத்தை எப்படி எடுப்பது? நம் கம்பெனியின் பணத்தில் 60 சதவீதம் 11 சதவீத வட்டிக்கு வாங்கிய வங்கிக் கடன். மீதி 40 சதவீதம் முதலாளியின் சொந்தப் பணம். அதை வேறு எங்காவது இதே அளவு ஆபத்துள்ள தொழிலில் போட்டால் 18.5 சதவீதம் எதிர்பார்ப்பார் என்று வையுங்கள். 6.6 + 7.4, ஆக மொத்தம் 14 சதவீதம். வங்கி வட்டியை மட்டும் எடுத்து 11 என்று போடுவது தவறு, முதலாளியின் பணம் இலவசம் என்று ஆகிவிடும். லாபம் வரிக்கு முந்தையது என்பதால் இந்த விகிதமும் வரிக்கு முந்தையதாகவே இருக்க வேண்டும்.

நான்காம் படி: இரண்டையும் போட்டுப் பார்ப்போம்

மண்டபம்: மூலதனம் 100 லட்சம், லாபம் 28 லட்சம். ஆர்ஓஐ 28 சதவீதம். பண வாடகை 14 லட்சம் போக எஞ்சிய வருமானம் 14 லட்சம்.

தொண்டி: மூலதனம் 240 லட்சம், லாபம் 48 லட்சம். ஆர்ஓஐ 20 சதவீதம். வாடகை 33.6 லட்சம் போக எஞ்சியது 14.4 லட்சம்.

சதவீதத்தில் மண்டபம் வெகுதூரம் முன்னால். ரூபாயில் தொண்டி ஒரு அடி முன்னால். யார் சொல்வது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். ஆர்ஓஐ இங்கே வேறொரு வேலைக்கு ரொம்பவே உதவும்: கிளைக்கு என்ன நோய் என்று காட்டும். அமெரிக்காவின் டுபான்ட் கம்பெனி 1910களிலேயே இதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது: விற்பனையில் எத்தனை சதவீதம் லாபம், மூலதனம் வருடத்தில் எத்தனை தடவை விற்பனையாகச் சுழல்கிறது. மண்டபத்தின் விற்பனை 350 லட்சம்: 8 சதவீத லாபம், 3.5 சுழற்சி, பெருக்கினால் 28. தொண்டியின் விற்பனை 600 லட்சம்: அதே 8 சதவீத லாபம், சுழற்சி 2.5 தான், பெருக்கினால் 20. தொண்டிக்காரர் வாங்குவதிலும் விற்பதிலும் சோடை போகவில்லை. அவரிடம் பணம் சுழல்வதுதான் மெதுவாக இருக்கிறது, அந்தப் பணம் முன்பணத்தில் கிடக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள ஆர்ஓஐ போல வேறு கணக்கு இல்லை. அதைப் போனஸோடு கட்டும்போதுதான் சிக்கல்.

ஐந்தாம் படி: ஒரு முடிவை வைத்துச் சோதியுங்கள்

மண்டபத்தில் கணவாயை உறைய வைக்க ஒரு ஃப்ரீசர் போட வாய்ப்பு வருகிறது. வடக்கு, தெற்கு இரண்டு பக்கத்துத் துறையிலும் ஒரே நாளில் மீன்பாடு நன்றாக அமைந்துவிட்டால், அன்றைக்கு விலை படுத்துவிடும். உறைய வைத்து நாலு நாள் கழித்து விற்றால் லாபம். செலவு 40 லட்சம். தேய்மானம் போக வருடத்துக்கு 8 லட்சம் கூடுதல் லாபம், அதாவது 20 சதவீதம். கம்பெனிக்குப் பணத்தின் வாடகை 14 சதவீதம்தான், எனவே போட வேண்டிய முதலீடு.

மேனேஜர் கணக்குப் போடுகிறார். மூலதனம் 140, லாபம் 36, ஆர்ஓஐ 25.7 சதவீதம். போன வருடம் 28. போனஸ் போகும். முதலாளி கேட்டால் பதில் தயார்: "இப்ப எதுக்குண்ணே? இருக்கிற ரூமே போதும், கரண்ட் பில்லு வேற ஏறும்." பொய் என்றும் சொல்ல முடியாது. முதலாளியும் சரி என்று விட்டுவிடுவார், அவருக்கு 28 சதவீதம் கண்ணில் நிற்கிறது.

இதையே எஞ்சிய வருமானத்தில் போடுங்கள். லாபம் 36, வாடகை 19.6, எஞ்சியது 16.4 லட்சம். 14 லட்சத்திலிருந்து 2.4 லட்சம் ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கில் போனஸ் இருந்தால் ஃப்ரீசருக்கு அவரே கொட்டேஷன் வாங்கி வருவார்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அது இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. தொண்டியில் 50 லட்சம் முன்பணம் ஒரு கூட்டம் படகுகளுக்குப் போயிருக்கிறது. அந்தப் படகுகளின் நண்டில் வருட லாபம் 8 லட்சம், அதாவது 16 சதவீதம். வாடகை 14க்கு மேலேதான். ஆனால் கிளையின் சராசரி 20க்குக் கீழே. ஆர்ஓஐ பார்க்கும் மேனேஜர் அந்தப் பணத்தை வசூலித்து, படகுகளை விட்டுவிடுவார்: லாபம் 40, மூலதனம் 190, ஆர்ஓஐ 21.05 ஆக ஏறும். எஞ்சிய வருமானம் 14.4லிருந்து 13.4 ஆக இறங்கும். ஒரு லட்சம் போனதோடு முடியவில்லை, அந்தப் படகுகள் மறுநாளே பக்கத்துக் கம்பெனிக்காரரின் கூடத்தில் எடை போடும். ஒரு கிளையில் ஆர்ஓஐ ஏறிக்கொண்டே போய், படகு எண்ணிக்கையும் வாங்கிய கிலோவும் குறைந்துகொண்டே வந்தால், இதுதான் நடக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

எஞ்சிய வருமானத்தில் இன்னொரு வசதி, ஒவ்வொரு வகைப் பணத்துக்கும் வேறு வேறு வாடகை போடலாம். ஐஸ் பிளாண்ட் ஓடிப்போகாது, முன்பணம் ஓடிப்போகலாம். முன்பணத்துக்கு 18 சதவீதம், மற்றதற்கு 14 என்று வைத்தால் தொண்டியின் வாடகை 16.2 + 21 = 37.2 லட்சம், எஞ்சியது 10.8 லட்சம். மேலே சொன்ன 16 சதவீத நண்டு வியாபாரம் இப்போது வாடகைக்குக் கீழே போய்விடும் என்பதையும் கவனியுங்கள். வாடகையைக் கூட்டுவது சும்மா கண்டிப்புக் காட்டுகிற விஷயம் இல்லை. எந்தப் படகுக்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்ற முடிவையே அது மாற்றிவிடும். போன வருடங்களில் எவ்வளவு முன்பணம் உண்மையில் வராமல் போனது என்று பார்த்துவிட்டு அந்த எண்ணை வையுங்கள்.

ஆறாம் படி: பழைய இயந்திரத்தின் மாயம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், எஞ்சிய வருமானமும் சறுக்குகிற இடம் இது.

ஃப்ரீசருக்கு எட்டு வருட ஆயுள், உப்புக்காற்றில் அதற்குமேல் நம்ப முடியாது. வருடம் 5 லட்சம் தேய்மானம். வருடத் தொடக்கத்தில் புத்தக மதிப்பு 40, 35, 30 என்று இறங்கும். லாபம் அதே 8 லட்சமாக நின்றாலும் ஆர்ஓஐ முதல் வருடம் 20, நான்காம் வருடம் 32, ஏழாம் வருடம் 80 சதவீதம். எஞ்சிய வருமானம் முதல் வருடம் 2.4 லட்சம், நான்காம் வருடம் 4.5, எட்டாம் வருடம் 7.3. ஆர்ஓஐ அளவுக்கு மோசமில்லை, ஆனால் மேனேஜர் எதையும் செய்யாமலே வருடா வருடம் நன்றாக வேலை பார்த்ததுபோலத் தெரியும். மண்டபத்தின் 28 சதவீதத்தில் எத்தனை சதவீதம் பழைய ஐஸ் பிளாண்டின் புண்ணியம் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நல்ல முதலீட்டை இரண்டு கணக்குமே முதல் வருடத்தில் தள்ளிவிடலாம். அதே 40 லட்சம் ஃப்ரீசர் வருடத்துக்கு 5 லட்சம்தான் லாபம் தருகிறது என்று வையுங்கள். 12.5 சதவீதம். எஞ்சிய வருமானம் 5 − 5.6, அதாவது 60,000 ரூபாய் துண்டு. ஆனால் தேய்மானம் ரொக்கமாக வெளியே போவதில்லை. வருடம் 10 லட்சம் ரொக்கம் எட்டு வருடம் வருகிறது. 14 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு சுமார் 46.4 லட்சம். 40 போட்டு 46.4 கிடைக்கிறது, போடத்தான் வேண்டும். இரண்டாம் வருடமே எஞ்சிய வருமானம் லாபப் பக்கம் வந்துவிடும். எட்டு வருட எஞ்சிய வருமானத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் அதே 6.4 லட்சம்தான் வரும். இந்தப் பொருத்தம் ஆர்ஓஐக்குக் கிடையாது. ஆனால் அடுத்த வருடம் கீழக்கரைக்கு மாறிப்போகிற மேனேஜருக்கு எட்டு வருடக் கூட்டுத்தொகையால் என்ன பயன்?

சரி, என்ன செய்யலாம்? எளிய வழி, மேனேஜர் கணக்கில் மட்டும் இயந்திரத்தைப் புத்தக மதிப்பில் வைக்காமல் வாங்கிய விலையிலேயே வைப்பது. 8 லட்சம் தரும் ஃப்ரீசர் எல்லா வருடமும் 2.4 லட்சம் எஞ்சிய வருமானம் காட்டும், ஏறவும் இறங்கவும் செய்யாது. இதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு: இன்னும் ஓடக்கூடிய பழைய இயந்திரத்தை விற்றுத் தொலைத்தால் முழு விலையும் மூலதனத்திலிருந்து கழியும் என்பதால், மேனேஜருக்கு அந்த ஆசை வரும். எனவே இயந்திரம் விற்க, வாங்க இரண்டுக்கும் முதலாளியின் கையெழுத்து தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முடிவை ரொக்க வரவின் இன்றைய மதிப்பைப் பார்த்து எடுங்கள், வருட எண்ணை வைத்து வேண்டாம்.

முன்பணத்திலும் இதே மாதிரி ஒரு மறைவு இருக்கிறது. வராத முன்பணத்தை வாராக்கடனாக எழுதினால் முழுத் தொகையும் அந்த வருட லாபத்தில் அடிபடும். பாக்கியாகவே வைத்திருந்தால் வருடம் 14 அல்லது 18 சதவீதம் மட்டும்தான் அடி. எந்த மேனேஜரும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார். படகு வாரியாகப் பட்டியல் எடுத்து, ஒரு முழு சீசன் மீன் போடாத படகின் பாக்கியை அந்த வருடமே லாபத்தில் கழித்துவிடுங்கள். பிறகு வசூலானால் வரவு வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: இலக்கும் போனஸும்

எஞ்சிய வருமானத்தின் மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை, அது பெரிய கிளைக்குச் சாதகம் என்பது. உண்மைதான். 240 லட்சம் வைத்திருக்கும் தொண்டி 14.4 எடுப்பதும், 100 லட்சம் வைத்திருக்கும் மண்டபம் 14 எடுப்பதும் ஒன்றல்ல. எனவே ஒரு கிளையை இன்னொரு கிளையோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு கிளையையும் அதற்கு வைத்த இலக்கோடு ஒப்பிடுங்கள். மண்டபத்துக்கு இலக்கு 12, எடுத்தது 14, இரண்டு லட்சம் மேலே. தொண்டிக்கு இலக்கு 16, எடுத்தது 14.4, ஒன்றரை லட்சத்துக்கு மேல் துண்டு. இப்போது மண்டபத்துக்காரர் நன்றாகச் செய்திருக்கிறார் என்று நியாயமாகச் சொல்லலாம்.

தடைக்காலம், வேலைநிறுத்த நாட்கள் இதெல்லாம் இலக்குக்குள்ளேதான் வர வேண்டும். தடை நாட்கள் முன்பே தெரியும், கழித்துவிட்டு இலக்கு வையுங்கள். வேலைநிறுத்தம் தெரியாது, வருடக் கடைசியில் படகு கடலுக்குப் போன நாட்களை எண்ணி இலக்கைத் திருத்துங்கள். மேனேஜரின் லாபத்தை மட்டும் தொடாதீர்கள், ஒரு தடவை தொட்டால் பிறகு ஆளாளுக்கு ஒரு காரணம் கொண்டுவருவார்கள்.

போனஸ், இலக்குக்கு மேல் வந்ததில் பத்து சதவீதம் என்றால் மண்டபத்துக்கு 20,000 ரூபாய். அதில் பாதியை இப்போது கொடுத்து, மீதியை அடுத்த வருடம் கொடுங்கள். இந்த வருடம் கொடுத்த முன்பணம் நல்லதா கெட்டதா என்று அடுத்த வருடம்தான் தெரியும். கெட்டுப்போனால் நிறுத்திவைத்ததில் கழியும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கணக்குகளை உட்கார்ந்து பேச மே மாதம் வசதி. மார்ச் கணக்கு கையில் இருக்கும், படகுகள் கரையில் நிற்கும், மேனேஜருக்கும் அவசரம் இருக்காது. படகு வாரியான முன்பணப் பட்டியல், பன்னிரண்டு மாத மூலதன இருப்பு, வட்டியைத் திரும்பக் கூட்டிய லாபம் ஆகிய மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு, புது இலக்கை அவரிடமே முதலில் சொல்லச் சொல்லுங்கள். ஜூன் 14க்குள் கையெழுத்தாகிவிட்டால், புது சீசனுக்கான முன்பணத்தை எந்தப் படகுக்கு எவ்வளவு என்று அவரே கணக்குப் பார்த்துக் கொடுப்பார்.